பதினாறா, பதினெட்டா

எழுத்து விஷயத்தில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன ஃபாண்ட் என்று பார்ப்பேன். பிடிக்காத எழுத்தில் அடித்திருந்தால் அந்த வீட்டுச் சாப்பாடே எனக்கு இறங்காது என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. எழுத்துரு என்று எழுதுகிறோமே தவிர ஆபீசில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, ஃபாண்ட்தான். மொபைல் ஆப்களுக்குத் திரை வரைவது என் பிழைப்பு. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், எந்த எழுத்து, எவ்வளவு பெரிது என்றெல்லாம் முடிவு செய்கிற ஆள் நான். அப்படி நான் எடுத்த ஒரு முடிவு ஓர் அம்மாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அதை என் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தியவர் எங்கள் ஆபீஸ் டெஸ்டர். அவரைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், டிபன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து ஆறே பேர். டெஸ்டர் என்றால், நாங்கள் செய்து முடித்த ஆப்பைப் போட்டு உருட்டிப் புரட்டி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கிறவர். எங்கள் டெஸ்டருக்கு என் வயதுதான், நாற்பது தாண்டிவிட்டது. செய்யூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் லாரி வைத்திருக்கிறார். செங்கல்பட்டில் குடியிருந்து தினமும் ரயிலில் வருவார். என்னை அண்ணா என்பார். அந்த அண்ணாவில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அன்றைக்கு அன்றைக்கு மாறும். அவர் கைப்பையில் எப்போதும் மூன்று பழைய போன்கள் கிடக்கும். ஒன்றில் கண்ணாடி விரிசல். ஒன்றில் மேலே ஒட்டிய ஸ்கிரீன் கார்டு கீறிக் கீறி மங்கிப் போயிருக்கும். மூன்றாவது சின்னத் திரை, எதைத் தொட்டாலும் யோசித்துத்தான் திறக்கும். புதுப் போனில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அதில் பார்த்து என்ன ஆகப் போகிறது என்பார்.

செங்கல்பட்டில் ஒரு வேன் கான்ட்ராக்டர் எங்களிடம் ஆப் கேட்டு வந்தார். கடப்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரை கடற்கரை ஊர்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்களை ஷிப்ட் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கொண்டுவருவதும் அவர் தொழில். சில வண்டிகள் மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளுக்குப் போகும், சில உள்ளே திரும்பிச் செங்கல்பட்டுப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும். எந்த வண்டி எந்தப் பக்கம் என்பது தினமும் மாறும். முன்பெல்லாம் சூப்பர்வைசர் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் போன் போட்டுத் தொண்டை வறளக் கத்துவாராம். இனிமேல் அவரவர் போனிலேயே வண்டி எண், நேரம், இறங்கும் இடம் எல்லாம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆப். ஆனால் அதோடு ஒரு சட்டமும் இருந்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை வண்டியைத் தவறவிட்டாலோ மாறி ஏறினாலோ பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். வண்டி இல்லையென்றால் அந்தத் தூரத்துக்கு வேலையும் இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராகக் காத்திருப்பார்.

பத்தொன்பது வயதுப் பெண்ணிலிருந்து அறுபதை எட்டிப் பிடிக்கிற தோட்டக்காரர் வரை அந்த வண்டிகளில் போகிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ். ரிசார்ட்டில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களுக்கு இந்தி. ரிசார்ட் பெயரும் கேட் பெயரும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆக ஐந்து அங்குலத் திரையில் மூன்று மொழி எழுத்து. இதைக் கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இப்படிப்பட்ட வேலைதானே நம் திறமையைக் காட்டச் சரியான இடம் என்று நினைத்தேன்.

நான் தேர்ந்தெடுத்தது மெல்லிய கோட்டில் நவநாகரிகமாக இருந்த ஒரு ஃபாண்ட். ஆங்கில எழுத்தும் எண்ணும் அவ்வளவு அழகு. குறிப்பாக அதன் 6. வால் அப்படியே வளைந்து உள்ளே சுருண்டு வயிற்றைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த ஆறுக்காகவே அதை எடுத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அதோடு போகும் தமிழ் எழுத்தும் ஒல்லியாக, ஒய்யாரமாக இருந்தது. தமிழ் வார்த்தைகள் நீளம், எழுத்துகள் அகலம், சின்னத் திரையில் ஒரு வரிக்குள் அடங்க மாட்டேன் என்றன. அடங்காததை என்ன செய்வோம்? தமிழை மட்டும் அளவில் இரண்டு புள்ளி சிறிதாக்கினேன். வண்டி எண், இடம், நேரம் எல்லாம் ஒரே வரியில் கச்சிதமாக உட்கார்ந்தன. இன்னொரு காரியமும் செய்தேன். போன் செட்டிங்கில் போய் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது அல்லவா, அப்படிப் பெரிதாக்கினால் என் வரி உடைந்து அசிங்கமாக மடிந்தது. அதனால் போனில் யார் எப்படி வைத்திருந்தாலும் எங்கள் ஆப்புக்குள் எழுத்து அசையாதபடி பூட்டிவிட்டேன். என் தொழிலில் இதைச் செய்யாதே என்று படித்துப் படித்துச் சொல்வார்கள். எனக்கும் தெரியும். வரி அழகாக இருந்ததால் பூட்டினேன்.

வெளியிடுவதற்கு முன்னால் ஜனங்களிடம் காட்டிப் பார்க்க வேண்டும். டெஸ்டர் அந்த வாரம் லீவு, மகளுக்குப் பரீட்சை. நானே மாமல்லபுரம் பைபாஸ் பக்கத்து ஸ்டாப்புக்குப் போனேன். பதினைந்து இருபது பேர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். ஆப்பைத் திறந்து காட்டி, படிக்க முடிகிறதா, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒருவர் விடாமல் சரியாகச் சொன்னார்கள். நல்லா கீது சார், சூப்பரா கீது என்றார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டு, மனம் நிறைந்து, வரும் வழியில் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தேன்.

ஆப் வெளியாகி இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் சூப்பர்வைசர் போன் செய்தார். கடப்பாக்கத்தில் ஏறும் ஓர் அம்மா இரண்டு முறை வண்டி மாறி ஏறிவிட்டாராம். மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றில் துணி அறையில் வேலை. பதினாறில் ஏற வேண்டியவர் பதினெட்டில் ஏறிச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் போய் இறங்கியிருக்கிறார். வண்டிகள் ஆள் ஏற்ற உட்புற ஊர்களுக்குள் புகுந்து புறப்படுவது வழக்கம் என்பதால் பாதி வழி வரைக்கும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. கேட்டால் ஆப்தான் பதினெட்டு என்று காட்டியது என்கிறாராம். உங்கள் ஆப்பில் ஏதாவது கோளாறா என்று கேட்டார் சூப்பர்வைசர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரன், அதிலும் என் வேலையைக் குறை சொன்னால் எங்கிருந்துதான் வருமோ. சர்வர் பதிவை எடுத்துப் பார்த்தோம். இரண்டு நாளும் அந்த அம்மாவின் போனுக்குப் போனது பதினாறுதான். செயலியில் எந்தப் பிழையும் இல்லை, பயணி கவனிக்கத் தவறியிருக்கிறார் என்று சூப்பர்வைசருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டேன். அவர் அதை அப்படியே வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே இரண்டு தவறு என்று போட்டுவிட்டார். இன்னும் ஒன்று போட்டால் முடிந்தது.

அன்று சாயங்காலம் டெஸ்டர் அந்த மெயிலைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். என் வீடியோவைக் கேட்டு வாங்கினார். ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் பக்கம் போனை நீட்டினார்.

"கண்ண மூடிக்கினு கேளுங்கண்ணா."

மூடிக்கொண்டு கேட்டேன். நான் கேள்வி கேட்டதும் முதலில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் கணீரென்று பதிலைச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக அதையே திருப்பிச் சொல்கின்றன. அடுத்த திரையைக் காட்டுகிறேன், மறுபடியும் அந்தப் பெண்தான் முந்திக்கொள்கிறாள். பதினைந்து பேர் படித்ததாக நான் நினைத்திருந்தேன். படித்தது ஒருத்தி. மற்றவர்கள் காதால் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் நாலு பேர் எதிரில் எனக்குக் கண் தெரியவில்லை, படிக்க வரவில்லை என்று யார் சொல்வார்கள்? பக்கத்தில் ஒருத்தர் படித்தால் எல்லாரும் படித்த மாதிரி என்று விட்டுவிடுவோம். பேருந்து பலகையும் அப்படித்தான், ரேஷன் கடை அறிவிப்பும் அப்படித்தான். நானும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், இதுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் இருவரும் கடப்பாக்கம் போனோம். மதிய ஷிப்ட் வண்டி பன்னிரண்டே முக்காலுக்கு. பன்னிரண்டு மணி வெயிலில் ஈ.சி.ஆர். ரோடு கண்ணைக் கூச வைத்தது. ஸ்டாப்புக்கு எதிரே ஒரு டீக்கடை. டெஸ்டர் அதன் பின்பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். ஒருவர் வந்து போன பிறகே அடுத்தவர் வர வேண்டும், பதில் வெளியே கேட்கக் கூடாது. படிக்க முடியுதா என்ற கேள்வியையே அவர் கேட்கவில்லை. எந்த வண்டியில் ஏறுவீர்கள், எத்தனை மணிக்கு, எங்கே இறங்குவீர்கள், அவ்வளவுதான். பொய் எண்கள் போட்ட நாலைந்து திரைகளை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தார். அவர் அவர்கள் முகத்தைக்கூட அதிகம் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசுக்காரர்கள் போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் படித்தார்கள். நாற்பதுக்கு மேல் கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஐம்பதுக்கு மேல் முழங்கையே நேராகிவிட்டது. கை எவ்வளவு நீள்கிறது என்பதை வயதோடு சேர்த்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். கை நீட்டின பிறகும் சொல்ல முடியாதவர்களுக்குத் தனியாக ஒரு புள்ளி. பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு எளிதாக, யாரையும் கூச வைக்காமல் ஒரு சோதனையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா கடைசியில்தான் வந்தார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயது இருக்கும். ரிசார்ட் சீருடைப் புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. இரட்டைக் கட்டில் விரிப்பை ஆள் துணை இல்லாமல் தனியாக மடிப்பாராம், ஓரத்துக்கு ஓரம் சரியாக இருக்குமாம், டீக்கடைக்காரர் சொன்னார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் இறுகியது. விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் கூட வருகிற நாட்களில் அவளிடம் போனைக் கொடுத்து எண்ணைக் கேட்டுக்கொள்வாராம். வண்டி மாறின இரண்டு நாளும் அந்தப் பெண் லீவு. இதை அவரே சொல்லவில்லை, அந்தப் பெண் எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

அவருடைய போனையே வாங்கிப் பார்த்தோம். மகள் வைத்திருந்த பழைய போன். செய்திகளைத் திறந்தால் எழுத்து புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. மகள் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் ஆப்பைத் திறந்ததும் எல்லாம் கடுகாகச் சுருங்கியது. அந்தப் போனில் பெரிதாக மறுத்த ஒரே ஆப் நான் பூட்டி வைத்ததுதான்.

டெஸ்டர் தன் கீறல் விழுந்த போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அவரிடம் நீட்டினார்.

"அக்கா, எனக்கு இது சரியா தெர்ல. நீங்க இன்னா நம்பருன்னு பாருங்க."

அது நடிப்பில்லை. அவருக்கும் கண்ணாடி போடுகிற வயது வந்துவிட்டது, அன்றைக்குப் பைக்குள்ளேயே கண்ணாடியை வைத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு முகம் கொஞ்சம் இளகியது. முந்தானையைப் போன் மேல் குடையாகப் பிடித்து, கையை நீட்டி, நிதானமாகப் பார்த்தார். அவசரமே படவில்லை. கவனக்குறைவு என்று நான் எழுதிய ஆள் இவர்தான்.

"பதினெட்டு" என்றார்.

திரையில் இருந்தது பதினாறு. நான் வாயைத் திறக்கப் போனேன், டெஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அடுத்ததாக அதே பதினாறை வேறு ஒரு ஃபாண்டில் காட்டினார். உடனே பதினாறு என்று சொல்லிவிட்டார். மறுபடி என்னுடைய ஃபாண்ட். பதினெட்டு. என் அழகான ஆறின் சுருண்ட வால், கீறல் விழுந்த கண்ணாடியில், வெயிலில், கடுகு அளவில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு எட்டாகிவிட்டிருந்தது. எனக்கே அந்தத் தூரத்தில் எட்டாகத்தான் தெரிந்தது.

"ரெண்டும் பதினாறுதாங்கா" என்றார் டெஸ்டர்.

அந்த அம்மா அப்புறம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயத்தின் முழுக் கனமும் புரிந்தது. இரண்டாம் முறை மாறி ஏறியதிலிருந்து அவருக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்களாம். கம்ப்யூட்டர் சரியாகக் காட்டியிருக்கிறது, அம்மாதான் தடுமாறுகிறாள் என்று சூப்பர்வைசரும் மகளிடம் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் போனது போதும், எங்கேயாவது வழி தெரியாமல் நின்றுவிடப் போகிறாய் என்று மகள் அழுகிறாளாம். இந்த மாதம் முடிந்ததும் நின்றுவிடுவதாக இவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது, அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன் என்றார். இதற்குள் வண்டி வந்துவிட்டது. டெஸ்டர் எழுந்து போய் வண்டிப் பலகையில் எண்ணைப் பார்த்து அவரைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் டெஸ்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டாவது மனசு ஆறியிருக்கும்.

அடுத்த பத்து நாள் எங்கள் ஆபீசில் ஃபாண்ட்தான் பேச்சு. ஐந்து ஃபாண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தோம். முதல் தடவையாகத் தமிழிலிருந்து தொடங்கினேன். அதுவரை ஆங்கில எழுத்தைப் பார்த்து மயங்கிவிட்டு அதற்குத் துணையாக ஒரு தமிழைத் தேடுவதுதான் என் வழக்கம். கோடு ஓரளவு தடித்து, எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி தாராளமாகத் திறந்திருப்பதை எடுத்தோம். ண, ழ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகள் சின்ன அளவில் மை கொட்டியது போல் அடைத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கில எழுத்துக்குத் தக்க வரி உயரம் வைத்தால் தமிழில் மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகரக் கொக்கியும் வெட்டுப்படும் என்று டெஸ்டர் தன் சின்னப் போனில் காட்டினார், வரி உயரத்தைக் கூட்டினோம். சிறிதாக்கி வைத்திருந்த தமிழை மற்ற எழுத்துக்குச் சமமாகக் கண்ணுக்குத் தெரிகிற வரை பெரிதாக்கினோம். பூட்டைத் திறந்தோம். போனில் பெரிதாக்கினால் ஆப்பிலும் பெரிதாகும், வரி மடிந்தால் மடியட்டும், கட்டம் நீண்டால் நீளட்டும், விரலால் தள்ளிப் படித்துக்கொள்வார்கள். எண்ணை மட்டும் தனியாக ஒரு வரியில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக வைத்தோம். 6, 9, 3 மூன்றும் வாய் நன்றாகத் திறந்து, 8 ஆகத் தெரியாத எண் வடிவங்கள். எனக்கு அவை அழகாகப் படவில்லை, பரவாயில்லை என்று விழுங்கிக்கொண்டேன்.

மறுபடியும் டீக்கடைப் பின்பக்கம் சோதனை. இந்த முறை தோட்டக்காரரும் தப்பில்லாமல் சொல்லிவிட்டார். நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்து, இது எங்க ஆயா போன் மாதிரி கீது என்றாள். நான் அதைச் சிரித்துத் தள்ளிவிடப் பார்த்தேன். டெஸ்டர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் ஆப்பைத் திறக்கவே கூச்சப்பட்டால் அவளும்தான் வண்டியைத் தவறவிடுவாள் என்றார். அதனால் முதலில் திறக்கும்போது நடுத்தர அளவு, பெரிது வேண்டியவர்களுக்கு அவர்கள் போன் சொல்வதைக் கேட்டுப் பெரிதாகும் என்று ஏற்பாடு செய்தோம். வயசானவர்களுக்காக யோசிக்கிறேன் என்ற பெருமையில் சின்னவர்களை மறந்துபோகிற ஆள் இல்லை அவர். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது, அதை மறைக்கவும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் கையைத் தட்டி எழுந்தபோது அவர் கேட்ட கேள்வி என்னை மறுபடி உட்கார வைத்தது.

"இப்ப ஆப்பு எவ்ளோ சைஸ் கீதுண்ணா?"

மூன்று மொழிக்கும் நாலு நாலு தடிமனில் ஃபாண்ட் கோப்புகளை உள்ளே திணித்திருந்தேன். ஆப் முன்னைவிட நன்றாகவே ஊதியிருந்தது. அந்த அம்மாவின் போனில் பேரப்பிள்ளை வீடியோக்கள் நிரம்பி, இடமில்லை என்ற எச்சரிக்கை எந்நேரமும் நிற்கிறது, அன்றைக்கே பார்த்தேன் என்றார் டெஸ்டர். அப்டேட் இறங்காது. நாம் ஆயிரம் ஃபாண்ட் மாற்றினாலும் அவருக்குப் பழைய ஆறுதான் தெரியும். யாருக்காகச் செய்தோமோ அவருக்கே போய்ச் சேராமல் இருந்திருக்கும். இது என் மண்டையில் உறைத்தபோது நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது. தடிமனை இரண்டாகக் குறைத்தோம். எங்கள் ஆப்பில் வரவே வராத குறிகளையும் அந்நிய மொழி எழுத்துகளையும் கோப்பிலிருந்து நறுக்கி எறிந்தோம். இந்திக்குப் போனிலேயே இருக்கும் எழுத்து தெளிவாக இருந்ததால் அதையே விட்டுவிட்டோம். ஆப் பழைய அளவுக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஆனால் அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே இரண்டு தவறு அப்படியே இருந்தது. அதை அழிக்க வேண்டுமென்றால் என் மெயில் பொய்யென்று நானே எழுதித் தர வேண்டும். முதலாளிக்கு இதில் விருப்பமில்லை. அப்டேட்டில் சரியாகிவிட்டது, பழசை ஏன் கிளறுகிறாய், கான்ட்ராக்டர் நம்மை நம்பாமல் போய்விடுவார் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஆறு பேர் வயிறு அதில் இருக்கிறது. நான் டெஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதும்.

செங்கல்பட்டுக்கு நானே போனேன். சூப்பர்வைசர் முன்னால் இரண்டு போனை வைத்தேன். ஒன்றில் பழைய திரை, ஒன்றில் புதிது. பழையதைப் பார்த்து அவரும் பதினெட்டு என்றார். புதியதைப் பார்த்துவிட்டு மறுபடி பழையதை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எண் சரியாகப் போனாலும், எண்ணைக் காட்டிய எழுத்தை நான் தவறாகத் தேர்ந்தெடுத்தேன், எழுத்தைப் பெரிதாக்க முடியாமல் பூட்டியதும் நான்தான், பயணி மீது தவறில்லை என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இப்படி யாரும் எழுதித் தரமாட்டார்களே சார் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தவறையும் எடுத்துவிட்டார். வேலையை எங்களிடமிருந்து பிடுங்கவும் இல்லை. இந்த மாதிரி இன்னும் யாருக்காவது போட்டிருக்கிறோமா என்று பட்டியலை அவரே திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

அப்டேட் வெளியான வாரத்தில் நானும் டெஸ்டரும் கடப்பாக்கத்துக்கு மறுபடி போனோம். அந்த அம்மா போனில் புது ஆப் இறங்கியிருந்தது. புளியங்கொட்டை எழுத்தில் அன்றைய வண்டி எண்ணைக் கையை அதிகம் நீட்டாமல் படித்துக் காட்டினார். தவறுகளை நீக்கிவிட்டார்கள் என்று டெஸ்டர் சொன்னார். அந்த அம்மா சந்தோஷப்படுவார், நன்றி சொல்வார் என்று நான் உள்ளுக்குள் தயாராக நின்றுகொண்டிருந்தேன். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. போனில் மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் கையில் கொடுத்தார்.

"எங்கிட்ட சொன்னது போதும் சார். அவகிட்ட சொல்லுங்க."

ஸ்டாப்பில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். நான் யார் என்று சொல்லி, ஆப்பில் எழுத்து போட்டவன் நான்தான் என்றேன். உங்கள் அம்மா அன்றைக்குப் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தார், நான் வைத்த எழுத்து அப்படிக் காட்டியது, சூப்பர்வைசரும் அதைப் பார்த்துவிட்டுப் பதினெட்டு என்றுதான் சொன்னார் என்றேன்.

"அப்ப அம்மாவுக்கு மறதி இல்லியா சார்?"

"இல்லம்மா. தப்பு என்னோடது."

அந்தப் பெண் அழுவது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. வண்டி வந்து நின்றது. அந்த அம்மா பலகையை ஒரு தடவை, போனை ஒரு தடவை பார்த்தார். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தவர், வாய்க்கு நேராகப் பிடித்து மகளிடம் சொன்னார்.

"கேட்டுக்கினியா? நாளைக்கும் போவேன்."